ராத்திரி 10 மணி ஆர்டர் எந்த நாள் கணக்கு?

பெங்களூரு அல்சூரில் இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கடை கற்பனைதான், ஆனால் இந்த ஊரில் இப்படி ஆப் வைத்து மாவு விற்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதால் உங்களுக்குப் புரிவது சுலபம். ராத்திரி 10 மணிக்கு முன்னால் ஆர்டர் போட்டால் மறுநாள் காலையில் மாவு வீட்டுக்கு வந்துவிடும், அதற்கு மேல் போட்டால் அதற்கு அடுத்த நாள்தான் வரும். 10 மணி தாண்டியதும் ஒரு புரோகிராம் ஓடி, அன்றைய ஆர்டர்களையெல்லாம் ஒரு பட்டியலாக எடுக்கும். எத்தனை பாக்கெட் போட வேண்டும், எந்தப் பையன் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவாகும்.

இந்தப் புரோகிராமை எழுத உட்கார்ந்ததும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, சரியா பத்து மணிக்கு வந்த ஆர்டரை எதுல சேப்பீங்க?" என்பதாகத்தான் இருக்கும். நல்ல கேள்வி. இதற்கு என்ன பதில் சொன்னாலும் வியாபாரத்துக்குப் பரவாயில்லை. இன்றைக்கு என்று சொல்லலாம், நாளைக்கு என்றும் சொல்லலாம். ஆனால் இரண்டு நாள் பட்டியலிலும் அது வந்துவிட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு நாள் மாவு போகும், எதிலுமே வராமல் போனால் காசு கொடுத்த ஒரு வீட்டில் காலையில் இட்லி இருக்காது. ஆகவே நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு ஆர்டரும் ஏதோ ஒரு நாள் பட்டியலில், ஒரே ஒரு முறை மட்டும் வர வேண்டும்.

கேட்கச் சுலபமாக இருக்கும் இந்த விதியை, முதன்முதலில் எழுதும்போது பெரும்பாலும் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள்.

```sql
SELECT * FROM orders
WHERE created_at BETWEEN '2025-03-10 22:00:00'
                     AND '2025-03-11 22:00:00';
```

திங்கள் ராத்திரி 10 முதல் செவ்வாய் ராத்திரி 10 வரை. படிக்க இயல்பாக இருக்கிறது. ஆனால் `BETWEEN` இரண்டு முனைகளையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். அதாவது செவ்வாய் சரியாக 22:00:00 என்று பதிவான ஆர்டர் இந்தப் பட்டியலில் வரும். புதன் கிழமைக்கான பட்டியல் அதே 22:00:00-இல் தொடங்குவதால் அதிலும் வரும். இரட்டிப்பு.

"மைக்ரோ செகண்ட் வரைக்கும் நேரம் பதிவாகும்போது, சரியாக 22:00:00.000000 என்று ஒரு ஆர்டர் வருமா என்ன?" என்று தோன்றலாம். போஸ்ட்கிரஸில் டைம்ஸ்டாம்ப் மைக்ரோ செகண்ட் வரை இருக்கும், அதனால் மனிதர்கள் கையால் போடும் ஆர்டர் அந்தப் புள்ளியில் விழுவது அபூர்வம்தான். ஆனால் மைஎஸ்கியூஎல்லில் `DATETIME` என்று மட்டும் எழுதினால் அது முழு விநாடியைத்தான் வைத்துக்கொள்ளும். பின்னத்தை வெட்டக்கூடச் செய்யாது, வழக்கமான அமைப்பில் அருகிலுள்ள விநாடிக்கு ரவுண்டு பண்ணிவிடும். 22:00:00.350-க்கு வந்த ஆர்டர் 22:00:00 ஆகிவிடும், 21:59:59.800-க்கு வந்த ஆர்டரும் 22:00:00 ஆகிவிடும். இப்போது ஒரு புள்ளியில் இருந்த பிரச்சினை முழு ஒரு விநாடிக்குப் பரவிவிட்டது, அதுவும் "அய்யோ பத்தாகப் போகுதே" என்று ஆட்கள் அவசரமாகப் பட்டனை அமுக்கும் அந்த விநாடிக்கே. இன்னொன்றும் உண்டு. மாதச் சந்தா கட்டியவர்களுக்கு ஆர்டரை மனிதர் யாரும் போடுவதில்லை, இன்னொரு புரோகிராம்தான் போடும். அந்தப் புரோகிராமை எழுதியவர் நேரத்தை நேராக 22:00:00 என்றே எழுதி வைத்திருந்தால், சந்தாக்காரர் அத்தனை பேரும் சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே நிற்பார்கள். அபூர்வம் என்று நினைத்தது அன்றாடம் ஆகிவிடும்.

இரட்டிப்பாகிறது என்று தெரிந்ததும் அடுத்து எல்லோருக்கும் வரும் யோசனை, முடிவை ஒரு விநாடி முன்னால் நகர்த்துவது:

```sql
WHERE created_at BETWEEN '2025-03-10 22:00:00'
                     AND '2025-03-11 21:59:59'
```

இது முந்தையதைவிட மோசம் என்பது என் கருத்து, ஏனென்றால் இரட்டிப்பானால் யாராவது கவனித்துவிடுவார்கள், காணாமல் போனால் வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்டும் வரை தெரியாது. முழு விநாடி மட்டும் வைத்துக்கொள்ளும் நெடுவரிசையில் இது வேலை செய்யும். ஆனால் நாளைக்கு யாராவது அந்த நெடுவரிசையை மைக்ரோ செகண்ட் அளவுக்கு மாற்றினால், 21:59:59.000001 முதல் 21:59:59.999999 வரை வந்தவை செவ்வாய்ப் பட்டியலிலும் இருக்காது, புதன் பட்டியலிலும் இருக்காது. நெடுவரிசையின் வகையை மாற்றியவருக்கு இந்தக் குவெரி இருப்பதே தெரிந்திருக்காது. சரி, .999 சேர்த்துவிடலாமே என்றால், எஸ்கியூஎல் சர்வரின் பழைய `datetime` வகையில் மில்லி செகண்ட் 0, 3, 7 என்று முடியும் இடங்களில்தான் நிற்கும்; 21:59:59.999 என்று எழுதினால் அது 22:00:00.000 என்று ரவுண்டாகி, நாம் முதலில் பார்த்த இரட்டிப்புக்கே திரும்பக் கொண்டுபோய் விடும். ஒரு நாளின் கடைசி நொடித்துகள் எது என்று தேடிப் போகிற வழியே சரியில்லை. டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் அது மாறும்.

தேட வேண்டாம். தொடக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிவை விட்டுவிடுங்கள்:

```sql
WHERE created_at >= '2025-03-10 22:00:00+05:30'
  AND created_at <  '2025-03-11 22:00:00+05:30'
```

செவ்வாய்க் கணக்கு எங்கே முடிகிறதோ அதே எண்ணில் புதன் கணக்கு தொடங்குகிறது. அந்த எண் ஒன்றுதான். ஒரு பக்கம் `<`, இன்னொரு பக்கம் `>=`. எந்த ஒரு நேரத்தை எடுத்தாலும் அது 22:00:00-ஐவிடச் சிறியதாக இருக்கும், இல்லையென்றால் அதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்கும். மூன்றாவது வழி கிடையாது, இரண்டும் சேர்ந்து உண்மையாகவும் முடியாது. அதனால் நடுவில் சந்தும் விழாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் செய்யாது. நெடுவரிசை முழு விநாடியா, மைக்ரோ செகண்டா என்பதைப் பற்றிய கவலையும் போய்விட்டது. கடைக்காரரின் கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது: அண்ணா, 10 மணி அடித்துவிட்டால் அடுத்த நாள் கணக்கு.

அந்த `+05:30`-ஐக் கவனித்தீர்களா? இந்திய நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது, நமக்குக் கோடைகாலத்தில் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கமும் இல்லை, ஆகவே ராத்திரி 10 மணி என்பது வருடம் முழுவதும் யூடிசி 16:30-தான். கிளவுடில் இருக்கும் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் ஓடும். அங்கே ஆஃப்செட் போடாமல் வெறுமனே '22:00:00' என்று எழுதினால் அதற்கு அர்த்தம் நம் ஊர் நேரப்படி மறுநாள் விடியற்காலை 3:30. புரோகிராமோ ராத்திரி 10:02-க்கே ஓடி முடித்துவிடும். 10:02-க்கும் 3:30-க்கும் நடுவே ஆர்டர் போட்டவர்கள் ஏற்கனவே எடுத்து முடித்த பட்டியலின் எல்லைக்குள் வருவார்கள், அடுத்த நாள் பட்டியலோ 3:30-இல்தான் தொடங்கும், ஆக அவர்கள் எதிலும் இல்லை. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: காணாமல் போனவை எல்லாம் ராத்திரி ஆர்டர்களாகவே இருக்கும்.

சரி, குறி இரண்டையும் சரியாகப் போட்டாயிற்று. அடுத்த பிரச்சினை, அந்த இரண்டு நேரங்களையும் புரோகிராம் எங்கிருந்து எடுக்கிறது என்பது. நிறைய இடங்களில் "இப்போதிலிருந்து 24 மணி நேரம் பின்னால்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். குறித்த நேரத்தில் புரோகிராமைத் தட்டிவிடும் கிரானை தினமும் ராத்திரி 10-க்கு ஓட்டினால் அது சரிதானே என்று தோன்றும். ஆனால் கிரான் 10-க்குத் தட்டினாலும், புரோகிராம் எழுந்து டேட்டாபேஸோடு பேசத் தொடங்கும் விநாடி ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருக்காது. திங்கள் 22:00:03-க்கு எடுத்தது, செவ்வாய் 22:00:07-க்கு எடுத்தது என்று வையுங்கள். செவ்வாய் ஓட்டம் 24 மணி நேரம் பின்னால் போனால் திங்கள் 22:00:07-இல் போய் நிற்கும். திங்கள் 22:00:03 முதல் 22:00:07 வரை வந்த ஆர்டர்கள் போச்சு. புதன் கிழமை 22:00:02-க்கு ஓடினால் செவ்வாயின் ஐந்து விநாடி இரட்டிப்பாகும். ஒரு நாள் சர்வர் படுத்து, காலையில் எழுப்பி ஓட்டினாலோ கேட்கவே வேண்டாம்.

எல்லை நேரம் கடிகாரத்திலிருந்து வரக்கூடாது, தேதியிலிருந்து வர வேண்டும். "2025 மார்ச் 11-க்கான பட்டியல்" என்று சொன்ன உடனேயே, அது 10-ஆம் தேதி ராத்திரி 10 முதல் 11-ஆம் தேதி ராத்திரி 10 வரை என்பது முடிவாகிவிட வேண்டும்; அதை அன்று ராத்திரி 10:02-க்கு ஓட்டினாலும், சர்வர் கோளாறால் மறுநாள் மத்தியானம் ஓட்டினாலும், எல்லை மாறக்கூடாது. எந்தத் தேதிக்கு ஓட வேண்டும் என்பதைப் புரோகிராமுக்கு வெளியிலிருந்து கொடுங்கள். இந்த ஒரு பழக்கம், பின்னால் எதையாவது திரும்ப ஓட்ட வேண்டி வரும்போது உங்களைக் காப்பாற்றும்.

இதோடு முடிந்துவிட்டது என்று நிறைய விளக்கங்கள் நிறுத்திவிடும். எனக்கு இனிமேல் வருவதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் குறிகள் எல்லாம் சரியாக இருந்தும் ஆர்டர் தொலையும் இடம் இது.

செவ்வாய் ராத்திரி வந்த நான்கு ஆர்டர்களைப் பார்ப்போம். காக்ஸ் டவுன் வீடு 21:59:59.400. மர்ஃபி டவுன் வீடு சரியாக 22:00:00.000. இந்திரா நகர் வீடு 22:00:00.350. ஜோகுபாளையா வீடு 21:59:59.800. நம் புதிய குவெரிப்படி காக்ஸ் டவுனும் ஜோகுபாளையாவும் செவ்வாய்க் கணக்கு, மற்ற இரண்டும் புதன் கணக்கு. இதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் செவ்வாய் 22:00:01-க்கு எடுத்த பட்டியலில் காக்ஸ் டவுன் மட்டும்தான் இருக்கிறது. ஜோகுபாளையா புதன் பட்டியலிலும் இல்லை.

என்ன நடந்தது என்றால், ஜோகுபாளையா ஆர்டரின் டிரான்ஸாக்ஷன் 21:59:59.800-க்குத் தொடங்கியது, ஆனால் முகவரி சரிபார்த்து, கூப்பன் கழித்து, கமிட் ஆனது 22:00:02.100-க்கு. போஸ்ட்கிரஸில் `now()` கொடுப்பது டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரத்தை. கமிட் ஆன நேரத்தை அல்ல. கமிட் ஆகும் வரை அந்த வரிசை மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே 22:00:01-க்குப் பட்டியல் எடுத்தபோது அது டேட்டாபேஸில் கண்ணுக்குப் படவில்லை, ஒரு விநாடி கழித்துப் பட்டபோது அதன் மேல் 21:59:59.800 என்ற நேரம் குத்தியிருந்தது. செவ்வாய்ப் பட்டியல் மூடியாயிற்று, புதன் பட்டியல் 22:00:00-க்கு முந்தையதைத் திரும்பிப் பார்க்காது.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொரு பிரச்சினை உண்டு, அது இன்னும் அதிகமாக நடக்கும். ஆர்டர் 21:58-க்குப் போட்டார், யுபிஐயில் காசு அனுப்பினார், வங்கியிலிருந்து உறுதி வர 10:04 ஆகிவிட்டது. அதுவரை ஆர்டரின் நிலை `PENDING`. உங்கள் குவெரியோ `created_at` எல்லையோடு `status = 'PAID'` என்றும் கேட்கிறது, காசு வராததற்கு யாரும் மாவு கொடுக்கப் போவதில்லையே. செவ்வாய் ஓட்டத்தில் அது `PENDING`, அதனால் வராது. புதன் ஓட்டத்தில் அது `PAID`, ஆனால் நேரம் பழையது, அதனால் வராது. காசு மட்டும் கடைக்காரர் கணக்கில் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும்.

உடனடியாகச் செய்யக்கூடியது, சற்றுப் பொறுத்து ஓட்டுவது. எல்லை 22:00:00-தான், ஆனால் புரோகிராமை 22:05-க்கு ஓட்டுங்கள். டிரான்ஸாக்ஷன் வழக்கமாக எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அதைப்போலப் பல மடங்கு பொறுத்தால், தாமதமாகக் கமிட் ஆனவை பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்கும். பொறுப்பது நல்லது, செய்யுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. என்றைக்காவது ஒரு நாள் ஆறு நிமிடம் இழுக்கும், அன்றைக்கு ஒரு வீடு தொலையும். நேர எல்லையை மட்டும் வைத்துக்கொண்டு "இதை நான் எடுத்துவிட்டேனா?" என்று கேட்டால் உறுதியான பதில் கிடைக்காது. எடுத்தோமா இல்லையா என்பதை ஆர்டரின் மேலேயே எழுதி வைக்க வேண்டும். சினிமா கொட்டகை வாசலில் டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுவது மாதிரி. கிழித்த டிக்கெட் மறுபடி செல்லாது, கிழிக்காத டிக்கெட் கையில் இருந்தால் அவர் இன்னும் உள்ளே போகவில்லை.

அதற்கு `orders` டேபிளில் `run_date` என்று ஒரு நெடுவரிசையைச் சேருங்கள், தொடக்கத்தில் அது காலியாக, அதாவது `NULL` ஆக இருக்கும். கூடவே `runs` என்று ஒரு சின்ன டேபிள், அதில் ஒரே தேதி இரண்டு முறை வர முடியாதபடி `run_date`-ஐப் பிரைமரி கீ ஆக வையுங்கள். ராத்திரி ஓட்டம் செய்வது இதுதான்:

```sql
BEGIN;

INSERT INTO runs (run_date, cutoff)
VALUES ('2025-03-11', '2025-03-11 22:00:00+05:30');

UPDATE orders
SET run_date = '2025-03-11'
WHERE run_date IS NULL
  AND status = 'PAID'
  AND created_at < '2025-03-11 22:00:00+05:30';

COMMIT;
```

தொடக்க நேரம் காணாமல் போய்விட்டதைப் பாருங்கள். "22:00-க்கு முன்னால் வந்தது, காசு வந்துவிட்டது, இன்னும் எந்தப் பட்டியலிலும் சேரவில்லை" என்று மூன்று கேள்விதான். திங்கள் பட்டியலில் சேர்ந்தவற்றின் மேல் ஏற்கனவே தேதி குத்தியிருப்பதால் அவை திரும்ப வராது. ஜோகுபாளையா ஆர்டர் செவ்வாய் ஓட்டத்தில் தப்பினாலும் `run_date` காலியாகவே இருக்கும், புதன் ஓட்டத்தில் தானாக அகப்படும். யுபிஐ தாமதமான ஆர்டரும் அப்படியே. ஒரு நாள் தாமதமாகப் போகிறதே என்றால், ஆமாம், போகிறது. அதற்குத்தான் 22:05 வரை பொறுப்பது. பொறுப்பது தாமதத்தைக் குறைக்கும், முத்திரை குத்துவது தொலையாமல் காக்கும். இரண்டும் வேண்டும்.

பட்டியல் தேவைப்படும் இடத்திலெல்லாம் இனி நேரத்தை வைத்துக் கேட்காதீர்கள், இதை மட்டும் கேளுங்கள்:

```sql
SELECT * FROM orders WHERE run_date = '2025-03-11';
```

பிரிண்டர் மக்கர் செய்து பட்டியலை மூன்று முறை எடுத்தாலும் அதே வரிசைகள்தான் வரும். மாவு கட்டுபவர் கையில் ஒரு எண்ணிக்கை, டெலிவரி பையன் போனில் வேறு எண்ணிக்கை என்ற நிலை வராது.

`runs` டேபிள் எதற்கு என்று கேட்டால், அது இல்லாமல் யாராவது 22:30-க்குச் செவ்வாய் ஓட்டத்தை மறுபடி தட்டிவிட்டால், தாமதமாக வந்த ஜோகுபாளையா ஆர்டர் "மார்ச் 11" என்று முத்திரை வாங்கிவிடும். கணக்கில் அது செவ்வாயில் இருக்கும், ஆனால் கட்டுபவர் கையில் இருக்கும் பட்டியல் 22:05-க்கே பிரிண்ட் ஆகிவிட்டது. ஒரு முறை எண்ணியாயிற்று, ஆனால் மாவு போகவில்லை. பிரைமரி கீ இருந்தால் இரண்டாவது முறை அந்த `INSERT` பிழை கொடுத்து நிற்கும், போஸ்ட்கிரஸில் டிரான்ஸாக்ஷன் முழுவதும் திரும்பிவிடும், எதுவும் மாறாது. இரண்டு சர்வரில் ஒரே நேரத்தில் கிரான் தட்டிவிட்டாலும் இதே காவல்தான். முதலில் வந்தது முடியும் வரை மற்றது காத்திருந்து, பிறகு பிழை வாங்கித் திரும்பும். நடுவில் மின்சாரம் போனாலும் சரி, `COMMIT` ஆகவில்லை என்றால் எதுவுமே நடக்காத மாதிரிதான், தைரியமாகத் திரும்ப ஓட்டலாம்.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கடையில் இதைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் ஒரு இடத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். புதிதாகச் சேர்த்த `run_date` பழைய ஆர்டர் அத்தனைக்கும் காலியாக இருக்கும். அப்படியே முதல் ராத்திரி ஓட்டினால், கடை திறந்த நாளிலிருந்து வந்த ஆர்டர் எல்லாம் ஒரே பட்டியலில் வந்து கொட்டும். முதலில் பழையவற்றுக்கெல்லாம் அவையவை சேர்ந்த பட்டியலின் தேதியை எழுதிவிட்டு, அதன் பிறகே ஓட்டத்தைத் தொடங்குங்கள்.

அப்புறம், நேரம் யாருடைய கடிகாரம் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளர் போனின் நேரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள், அதை யாரும் பின்னால் தள்ளி வைக்கலாம். இரண்டு மூன்று ஆப் சர்வர்கள் இருந்தால் அவற்றின் கடிகாரங்களும் கொஞ்சம் முன்பின் இருக்கும், என்டிபி வைத்துச் சரி செய்தாலும் மில்லி செகண்ட் கணக்கில் வித்தியாசம் மிஞ்சும். டேட்டாபேஸ் ஒன்றாக இருந்தால் அதன் நேரத்தையே `created_at`-இல் போடுங்கள். அதே நேரத்தை வைத்துத்தான் "உங்கள் மாவு நாளைக் காலை வரும்" என்ற செய்தியும் போக வேண்டும். நிறைய ஆப்களில் இந்தச் செய்தியைத் திரையே தன் பாட்டுக்குத் தன் கடிகாரத்தைப் பார்த்துக் காட்டிவிடுகிறது. திரை 21:59:59 என்று நினைத்துச் சொன்னதும் டேட்டாபேஸ் 22:00:00 என்று எழுதியதும் முரண்பட்டால், பட்டியலில் தவறே இல்லாவிட்டாலும் வாடிக்கையாளருக்கு நாம் சொன்ன வாக்குத் தவறியதுதான். ஆர்டர் பதிவானதும் டேட்டாபேஸ் திருப்பிக் கொடுக்கும் நேரத்தைப் பார்த்த பிறகு செய்தியைக் காட்டுவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை.

சோதனை செய்து பார்க்க ராத்திரி 10 வரை விழித்திருக்கத் தேவையில்லை. சோதனை டேட்டாபேஸில் `created_at`-ஐக் கையாலேயே எழுதி, 21:59:59.999999, 22:00:00.000000, 22:00:00.000001 என்று மூன்று `PAID` ஆர்டர்களைப் போட்டு, மார்ச் 11-க்கும் 12-க்கும் ஓட்டத்தை அடுத்தடுத்து ஓட்டுங்கள். முதலாவது 11-இலும் மற்ற இரண்டும் 12-இலும் இருக்க வேண்டும். பிறகு இரண்டு சாளரத்தில் டேட்டாபேஸைத் திறந்து, ஒன்றில் டிரான்ஸாக்ஷன் தொடங்கி, எல்லைக்குச் சற்று முந்தைய நேரத்தோடு ஆர்டரைப் போட்டுக் கமிட் பண்ணாமல் நிறுத்துங்கள், இன்னொன்றில் ஓட்டத்தை முடியுங்கள், அப்புறம் முதலாவதைக் கமிட் செய்யுங்கள். அந்த ஆர்டர் அடுத்த நாள் ஓட்டத்தில் வருகிறதா என்று பாருங்கள். மூன்று ஆர்டர் சோதனையை `>=`, `<` போட்ட நேர எல்லைக் குவெரியும் தாண்டிவிடும், இதைத் தாண்டாது. வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

நிஜத்தில் ஓடத் தொடங்கிய பிறகு தினமும் பார்க்க வேண்டியது ஒரு எண் தான்: தன் நாளில் ஏற முடியாமல் அடுத்த நாள் பட்டியலில் ஏறியவை எத்தனை.

```sql
SELECT count(*) FROM orders
WHERE run_date = '2025-03-12'
  AND created_at < '2025-03-11 22:00:00+05:30';
```

சுழியம் என்றால் ஐந்து நிமிடம் பொறுத்தது போதுமானதாக இருந்திருக்கிறது. தினமும் ஒன்றிரண்டு வருகிறது என்றால், அந்த வரிசைகளை எடுத்து எதனால் தாமதம் என்று பாருங்கள். காசு வந்த உறுதி தாமதமானவையாக இருந்தால் ஓட்டத்தை 22:10-க்குத் தள்ளலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், கட்டும் ஆட்களுக்கு அது ஒத்துவர வேண்டுமே. கமிட் தாமதமானவை என்றால், ஆர்டர் போடும் டிரான்ஸாக்ஷனுக்குள்ளே யாரோ வெளி சர்வீஸ் ஒன்றைக் கூப்பிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த அழைப்பை டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.